ஜவ்வரிசி மில் காஸ்ட் ஷீட்: எனக்கு 5,739 வருது, விடை 5,500ன்னு போட்டிருக்கு, எங்க உதைக்குது?

வாழப்பாடி_மீனா

வணக்கம். நான் சேலத்துல பி.காம் ரெண்டாவது வருஷம். எங்க மேடம் நம்ம ஊரு சேகோ மில்லையே வெச்சு ஒரு காஸ்ட் ஷீட் கணக்கு குடுத்திருக்காங்க, விடையும் கீழயே இருக்கு, ஒரு மூட்டை விக்கிற விலை 5,500. எனக்கு 5,739 வருது. கூட்டல் கழித்தல் எல்லாம் கால்குலேட்டர்ல பாத்தாச்சு, அதுல தப்பில்ல.

கணக்கு இதான். கிழங்கு ஆரம்ப இருப்பு 40,000, வாங்கினது 12,00,000, கிழங்கு ஏத்திட்டு வந்த லாரி வாடகை 60,000, கடைசி இருப்பு 50,000. நேரடி கூலி 1,80,000. ஒரு ஆர்டருக்காக மட்டும் வாடகைக்கு எடுத்த சல்லடை மெஷின் 20,000.
கரண்ட்டும் விறகும் 90,000, பேக்டரி வாடகை 30,000, மேஸ்திரி சம்பளம் 25,000, மெஷின் ரிப்பேர் 15,000, மெஷின் தேய்மானம் 20,000. கிழங்கு அரைச்சு மிஞ்சற திப்பி வித்தது 40,000. பாதி வேலையில நிக்கிற சரக்கு மாச ஆரம்பத்துல 35,000, கடைசில 25,000.
ஆபீஸ் சம்பளம் 45,000, போன் ஸ்டேஷனரி 5,000, ஆபீஸ் கட்டட தேய்மானம் 10,000, ஆடிட் பீஸ் 20,000. கமிஷன் 30,000, மூட்டை அனுப்புன லாரி 36,000, விளம்பரம் 10,000.
வருமான வரி 60,000, பேங்க் வட்டி 36,000, கோயில் நன்கொடை 5,000, பழைய மெஷின் வித்ததுல நஷ்டம் 12,000.
உற்பத்தி 400 மூட்டை, வித்தது 380. லாபம் விற்பனை விலையில 20%.

நான் போட்டது: ப்ரைம் காஸ்ட் 14,50,000. ஒர்க்ஸ் காஸ்ட் 16,40,000. உற்பத்திச் செலவு 18,33,000. திப்பி 40,000ஐ செலவுக்குள்ள கொண்டு வரல, அது வருமானம்தானேன்னு லாபத்தோட சேத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

பிகாம்_பாய்

மீனா உனக்கு ரெண்டு எடத்துல போகுது. திப்பியை கழிக்கணும், அதுவும் கிழங்குல இருந்துதானே வருது, அதனால கிழங்கு செலவுலயே 40,000 கழிச்சிடு, ப்ரைம் காஸ்ட் 14,10,000 வரும். அப்புறம் வருமான வரி வட்டி எல்லாம் ஆபீஸ் செலவுல தூக்கிப் போட்டிருக்கன்னு நெனைக்கிறேன், 80,000 வரவேண்டியது 1,93,000 ஆயிருக்கே. இன்னொண்ணு விறகு. விறகும் ஒரு மெட்டீரியல்தான், அதையும் ப்ரைம்லயே போடணும். 20% நீ போட்டிருக்கறது சரியாத்தான் இருக்கும், அதுல என்ன தப்பு வரப்போகுது.

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

தம்பி சொன்னதுல வரி வட்டி விஷயம் சரி. திப்பி கழிக்கணும்ங்கறதும் சரி, ஆனா கழிக்கிற எடம் அது இல்ல. விறகும் ப்ரைம்ல வராது. 20%லயும் ஒரு ஓட்டை இருக்கு.

மொதல்ல ப்ரைம் காஸ்ட். மீனா போட்டது அப்படியே சரி. 40,000 கூட 12,00,000, அதோட லாரி வாடகை 60,000, கழிச்சா 50,000, ஆக கிழங்கு 12,50,000. கூலி 1,80,000, சல்லடை மெஷின் வாடகை 20,000, மொத்தம் 14,50,000. அந்தச் சல்லடை வாடகை எதுக்கு ப்ரைம்ல வருதுன்னா அந்த ஆர்டர் இல்லன்னா அந்த வாடகையே இல்ல. விறகு அப்படி இல்ல, ஜவ்வரிசி வறுக்கற அடுப்புல இன்னிக்கு எரிஞ்ச கட்டை எந்த மூட்டைக்கு எரிஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, மூட்டைக்குள்ளயும் அது போறதில்ல. பேக்டரி செலவு.

அடுத்து பேக்டரி செலவு அஞ்சும் சேத்தா 1,80,000. ப்ரைமோட கூட்டினா 16,30,000. இங்கதான் திப்பியைக் கழிக்கணும், ஏன்னா திப்பி வாங்கும்போதே கழிச்சுக்கட்டின கிழங்கு இல்ல. கிழங்கு தோல் உரிச்சு, அரைச்சு, பால் வடிச்ச பிறகு மிச்சம் நிக்கிற நார். அதாவது கரண்ட்டும் கூலியும் செலவான பிறகு வர்றது. கெட்டுப்போன கிழங்கையே அப்படியே வித்திருந்தா தம்பி சொன்ன மாதிரி கிழங்குலயே கழிக்கலாம். 40,000 போக 15,90,000. பாதி வேலை சரக்கு ஆரம்பத்துல 35,000 கூட்டி கடைசி 25,000 கழிச்சா ஒர்க்ஸ் காஸ்ட் 16,00,000. ரவுண்டா வருதா, மேடம் அப்படித்தான் அமைச்சிருப்பாங்க.

பிகாம்_பாய்

அண்ணா, திப்பியை மேல கழிச்சாலும் கீழ கழிச்சாலும் ஒர்க்ஸ் காஸ்ட் அதே 16,00,000 தானே வருது. விறகும் அப்படித்தான். அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை.

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

வாஸ்தவம் தம்பி, ஒர்க்ஸ் காஸ்ட்டுக்கு மேல எதை எங்க மாத்திப் போட்டாலும் கடைசி விலை அசையாது, ப்ரைம் காஸ்ட்டுக்கு உண்டான மார்க்குதான் போகும். ஆனா அந்தத் தைரியத்துல ஆபீஸ் செலவையும் விக்கிற செலவையும் கலந்துடாத. அங்க ஒரு கோடு இருக்கு, அதைத் தாண்டினா விடையே மாறும்.

எப்படின்னா, ஆபீஸ் செலவு 80,000 சேத்தா உற்பத்திச் செலவு 16,80,000. 400 மூட்டைக்கு வகுத்தா 4,200. விக்காம குடோன்ல நிக்கிற 20 மூட்டைக்கு இந்த 4,200தான் விலை, 84,000 கழிச்சிட்டா வித்த 380 மூட்டையோட செலவு 15,96,000. இதுக்கு மேலதான் கமிஷன், லாரி, விளம்பரம் 76,000, ஏன்னா அதெல்லாம் வித்த மூட்டைக்கு மட்டும் ஆன செலவு. மொத்தம் 16,72,000, மூட்டைக்கு 4,400.

இப்போ கமிஷன் 30,000ஐ தெரியாம ஆபீஸ் செலவுல போட்டுட்டன்னு வெச்சுக்க. உற்பத்திச் செலவு 17,10,000 ஆகி மூட்டை 4,275 ஆயிடும், குடோன்ல நிக்கிற 20 மூட்டையும் மூட்டைக்கு 75 ரூபா கமிஷனைத் தூக்கிட்டுப் போயிடும். விக்காத மூட்டைக்கு எவன் கமிஷன் குடுத்தான்? கடைசில மொத்தச் செலவு 1,500 கொறைஞ்சு 16,70,500ன்னு நிக்கும். தொகை சின்னதா இருக்கறதால எங்க தப்புன்னே கண்டுபிடிக்க முடியாது. கணக்கு ரவுண்டா வரவேண்டிய எடத்துல பைசா வந்தா மொதல்ல இங்க போய்ப் பாருங்க.

வாழப்பாடி_மீனா

ஓ 400க்கு வகுக்கறதா 380க்கு வகுக்கறதான்னு கிளாஸ்லயே ஒரு பஞ்சாயத்து ஓடிச்சு. இப்போ புரியுது, கோட்டுக்கு மேல 400, கோட்டுக்குக் கீழ 380. ஆனா அண்ணா 4,400ல 20% போட்டா 880, 5,280 தான வருது, 5,500 வரலயே.

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

கேள்வியை இன்னொரு தடவ படிம்மா. விற்பனை விலையில 20%. விலை 100ன்னா லாபம் 20, செலவு 80. அப்போ செலவு மேல பாத்தா 80க்கு 20, அதாவது 25%. 4,400ல கால்வாசி 1,100, சேத்தா 5,500. சரி பாக்கணும்னா மொத்த விற்பனை 20,90,000, லாபம் 4,18,000, வகுத்துப் பாரு அச்சா 20% நிக்கும். நீ போடற 5,280க்கு வகுத்தா 16.67% தான் வரும். இந்த ஒரு வகுத்தலைக் கடைசில செஞ்சு பாத்தாலே போதும்.

உன் 5,739 எப்படி வந்துச்சுன்னும் சொல்றேன், அது இன்னும் வேடிக்கை. திப்பி கழிக்காததால மூட்டைக்கு 100 ரூபா ஏறிடுச்சு. வரி, வட்டி, நன்கொடை, மெஷின் நஷ்டம் நாலும் சேத்து 1,13,000, அதுல மூட்டைக்கு 282 ரூபா 50 பைசா. ஆக செலவே 382.50 கூடுதல், அதுக்கு மேல லாபமும் 20% ஏறி 459 ஆயிடுச்சு. அந்தப் பக்கம் லாபத்தைச் செலவு மேல போட்டதால 220 கொறைஞ்சிருச்சு. 459ல 220 போனா 239, அதான் உன் வித்தியாசம். ஒரு தப்பு இன்னொரு தப்பைப் பாதி மறைச்சிருக்கு. வேற தொகையா இருந்திருந்தா விடை கிட்டத்தட்ட சரியாவே வந்து நீயும் சந்தேகப்படாம போயிருப்ப.

மில்லுக்காரன்

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். எங்களுது தலைவாசல் பக்கம் சேகோ மில்லு. சார் வட்டியை வெளிய எடுத்துடச் சொல்றீங்க, வட்டி கட்டாம எவன் மில்லு ஓட்டறான்? சீசன்ல கிழங்குக்கு ரொக்கம் வேணும், பேங்க்ல எடுத்துத்தான் குடுக்கறோம். அந்த வட்டி செலவு இல்லன்னா வேற என்னங்க.

அப்புறம் மேடம் கிட்ட சொல்லு பாப்பா, கிழங்குக்கு ஆரம்ப இருப்பு கடைசி இருப்பெல்லாம் போட்டிருக்காங்களே, குச்சிக்கிழங்கு புடுங்கி ரெண்டு மூணு நாள் தாண்டினா உள்ள கருத்துப் போயிடும். வந்த லோடு வந்த அன்னிக்கே தோல் உரிச்சு உள்ள போயிடணும். இருப்புன்னு மில்லுல நிக்கிறது தொட்டியில படிஞ்ச மாவுதான், அதை நீ பாதி வேலை சரக்குல தான் போடணும். 50,000 ரூபா கிழங்கு இருப்புன்னா ஆறேழு டன், மாசக் கடைசில ராத்திரி லோடு வந்து நின்னா உண்டு.

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

கிழங்கு இருப்பு விஷயம் நூத்துக்கு நூறுங்க, பரீட்சைக் கணக்குல மூணு வரி நிரப்பணும்னு போடறது.

வட்டி பத்தி. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மில்லு, அதே மெஷின், அதே கிழங்கு, அதே ஆளுங்க. ஒருத்தர் சொந்தக் காசு, இன்னொருத்தர் பேங்க் காசு. ஒரு மூட்டை ஜவ்வரிசி உருவாக்க ஆகற செலவு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே? பணம் எங்க இருந்து வந்துச்சுங்கறதுக்கும் கிழங்கு எப்படி மாவாச்சுங்கறதுக்கும் சம்பந்தமில்ல, அதான் வட்டியை உற்பத்திச் செலவுல சேக்கறதில்ல. வட்டி செலவே இல்லன்னு யாரும் சொல்லல, லாப நஷ்டக் கணக்குல அது வந்துடும், காஸ்ட் ஆடிட் பண்ற பெரிய கம்பெனிங்க கூட அதைத் தனி அயிட்டமா காட்டுவாங்க. வருமான வரி வேற கதை, லாபம் வந்த பிறகுதான் வரியே, அதைச் செலவுல போட்டு அதுக்கு மேல லாபம் போட்டா வாலைப் புடிச்சுட்டு சுத்தற கதைதான். பழைய மெஷின் நஷ்டம் இந்த மாச மூட்டைக்கு ஆன செலவில்ல. கோயில் நன்கொடை உங்க மனசு.

மில்லுக்காரன்

சரிங்க, ஏத்துக்கறேன், ஆனா நான் விலை கட்டுமான்னு பாக்கறப்ப 36,000ஐ 380ல வகுத்து மூட்டைக்கு 95 ரூபா தலைக்கு மேல வெச்சுக்கிட்டுத்தான் பாப்பேன், பேப்பர்ல எந்த வரியில போட்டாலும் சரி.

இன்னொரு விஷயம், விலையை முடிவு பண்றதே நாங்க இல்ல. இந்தக் கணக்குல செலவு போட்டு லாபம் போட்டு விலை எழுதிட்டீங்க. எங்களுக்கு மில்லுக்காரங்க கூட்டுறவு சங்கமான சேகோசர்வ் டெண்டர்ல யாவாரி என்ன விலை போடறானோ அதான். 1981ல இருந்து அது இருக்கு, அதுக்கு முன்னாடி இடைத்தரகருங்க சொன்னது விலை. ஆக எங்களுக்கு விலை மேல இருந்து வருது, நாங்க கணக்கைத் தலைகீழா போடறோம், கிழங்குக்கு எவ்வளவு வரைக்கும் குடுக்கலாம்னு.

வாழப்பாடி_மீனா

தலைகீழான்னா எப்படிங்கய்யா? இதே கணக்குல சொல்லுங்களேன்.

மில்லுக்காரன்

சொல்றேன் பாப்பா. உன் கணக்குல கிழங்கு 12,00,000. டன் 7,500ன்னு வெச்சுக்கிட்டா 160 டன். 160 டன் அரைச்சு 400 மூட்டை, மூட்டை 90 கிலோ, ஆக ஒரு மூட்டைக்கு 400 கிலோ கிழங்கு. அப்போ கிழங்கு டன்னுக்கு 100 ரூபா ஏறினா மூட்டைக்கு 40 ரூபா ஏறும். இந்த 40ஐ மட்டும் மனசுல வெச்சுக்க.

டெண்டர்ல மூட்டை 4,950க்குத்தான் போகுதுன்னு வை. உன் செலவு 4,400, மிச்சம் 550. அதுல வட்டி 95 எடுத்துட்டா 455. அதை 40ல வகுத்தா பதினொண்ணு சொச்சம், ஆக டன்னுக்கு இன்னும் ஆயிரத்து நூறு ரூபா ஏறினாலும் கைக்காசு போகாது, அதுக்கு மேல ஏறினா மில்லை ஓட்டறதா நிறுத்தறதான்னு யோசிக்கணும்.

ஆனா இது பாயிண்ட் அதே மாதிரி இருந்தாத்தான். கிழங்கை நாங்க வெறும் எடையில வாங்கறதில்ல, மாவுச்சத்து பாயிண்ட் பாத்துத்தான் விலை. மழைக்கு அப்புறம் வர்ற கிழங்குல தண்ணி ஏறி பாயிண்ட் கொறையும், அப்போ மூட்டைக்கு 400 கிலோ போதாது, 440 வேணும்னு வந்துடும். கிழங்கு செலவு மட்டும் மூட்டைக்கு 300 ரூபா ஏறிப்போகும், லாரி வாடகை தனி. பில்லுல டன் விலை ஏறவே இல்ல, ஆனா மூட்டை செலவு ஏறியிருக்கும். மூட்டைக்கு எத்தனை கிலோன்னு ஒரு நோட்டு போட்டு எழுதலன்னா மாசக் கடைசி வரைக்கும் தெரியாது.

சேர்வராயன்_காபி

நல்ல இழை. ஏற்காட்டுல எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம், அப்பா பாக்கறாங்க. நீங்க திப்பியைக் கழிச்ச மாதிரி எங்க தோட்டத்துல மிளகு இருக்கு. சில்வர் ஓக் மரத்துல எல்லாம் கொடி ஏத்தியிருக்கோம். அப்பா வருஷா வருஷம் மிளகு வித்த காசைத் தோட்டச் செலவுல கழிச்சிட்டு மிச்சத்தைத்தான் காபியோட செலவுன்னு சொல்றாரு. போன சீசன்ல காபி வித்தது 6 லட்சம், மிளகு 4 லட்சம் வெச்சுக்குங்க, பொதுச் செலவு 5 லட்சம். அப்பா கணக்குப்படி காபிக்கு ஆன செலவு ஒரு லட்சம்தான், காபி அள்ளிக் குடுக்குதுன்னு மிளகுக் கொடியை இனிமே கவனிக்க வேண்டாங்கறாரு. எனக்கு ஏதோ இடிக்குது.

பிகாம்_பாய்

கழிக்கலாமே, திப்பி மாதிரிதானே, பை ப்ராடக்ட்.

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

இல்ல தம்பி. திப்பி 16 லட்சத்துல 40,000, இல்லன்னாலும் மில்லு ஓடும், திப்பிக்காக எவனும் கிழங்கு அரைக்கறதில்ல. காபி 6 மிளகு 4ன்னா மிளகு தனிப் பயிரு, அதைக் கழிச்சா காபி செலவு பொய்யாத்தான் தெரியும். பழம் பறிக்கற கூலி, பழத்தோல் உரிக்கற பல்ப்பர் செலவு காபிக்கு. மிளகு பறிக்கறது, காய வெக்கறது மிளகுக்கு. இது ரெண்டும் தனித்தனியா எழுதிடுங்க. நிழல் மரம் கழிக்கறது, வாட்ச்மேன், களையெடுக்கறது மாதிரி பொதுவா நிக்கிறதை வித்த தொகை விகிதத்துல பிரிங்க, 5 லட்சத்துல காபிக்கு 3, மிளகுக்கு 2.

சேர்வராயன்_காபி

அங்கதான் அப்பா ஒத்துக்க மாட்டாரு. உரம், கவாத்து எல்லாம் காபிச் செடிக்குத்தான் பண்றோம், மிளகுக் கொடி பக்கத்துல நிக்கிற புண்ணியத்துல தின்னுட்டுப் போகுது, அதுக்கு எதுக்கு ரெண்டு லட்சம்னு கேப்பாரு. அதுலயும் நியாயம் இருக்கே. மிளகு விலை ஒரு வருஷம் ஏறினா காபிக்குப் போட்ட உரச் செலவு எப்படி கொறையும்?

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

உங்கப்பா கேக்கறது சரியான கேள்வி. உரம் கவாத்து காபிக்கு மட்டும்னு நீங்க உறுதியா சொல்ல முடிஞ்சா அதைப் பொதுச் செலவுல இருந்து எடுத்து காபியிலயே போட்டுடுங்க, அப்போ பிரிக்க வேண்டிய தொகையே சின்னதாயிடும். மிச்சத்தை எந்த விகிதத்துல பிரிச்சாலும் ஒருத்தர் கோவிச்சுக்கத்தான் செய்வாங்க. கொடியைக் கைவிடறதா வேண்டாமான்னு முடிவு பண்ண இந்தப் பிரிவினையே வேண்டாம். கொடியைக் கைவிட்டா எந்தச் செலவு நிஜமா கொறையும்னு பாருங்க, மிளகு பறிக்கற கூலியும் காய வெக்கற கூலியும் கொறையும், வாட்ச்மேன் சம்பளம் கொறையாது. 4 லட்சம் போறதுக்கு எவ்வளவு மிச்சமாகுதுன்னு அப்பாவையே கேளுங்க.

மில்லுக்காரன்

எனக்கும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு சார். சாக்கு. 400 சாக்கு வாங்கறேன், அது பேக்டரியா, விக்கிற செலவா?

கணக்கப்பிள்ளை_ஆத்தூர்

சாக்கு இல்லாம ஜவ்வரிசி உங்க குடோனுக்கே போக முடியாதுன்னா அது உற்பத்திச் செலவு, 400க்கும் போடுங்க. லாரில ஏத்தறதுக்காக மேல இன்னொரு சாக்கு போடறீங்கன்னா அது விக்கிற செலவு, 380க்கு மட்டும்.

மில்லுக்காரன்

எங்க மில்லுல ஒரே சாக்குதான். ஆனா சில யாவாரிங்க சின்னப் பையில கேக்கறாங்க, அப்போ சாக்கைப் பிரிச்சு மறுபடியும் கட்டறோம், பழைய சாக்கைத் திரும்ப உபயோகிக்கறோம். அதை எங்க எழுதறது?

வாழப்பாடி_மீனா

அய்யா இதை மேடம் கண்ணுல காட்டிடாதீங்க, அடுத்த இன்டர்னல்ல வந்துடும்.